இரண்டாவது ஸ்லைடில் வைத்த கணக்கு

போன் துணைக்கருவிகள் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு மூன்று வருடம் இன்ஸ்டாகிராம் பதிவுகள் எழுதினேன். கவர், டெம்பர்டு கிளாஸ், கேபிள் என்று எத்தனையோ பொருள்களுக்கு, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பல ஸ்லைடு பதிவான கரோசல் போட்டிருக்கிறோம். அவற்றில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றுக்குப் போட்ட பதிவுதான். அதை இரண்டு முறை போட்டோம். முதல் முறை செய்தது தவறு.

முதல் பதிவில் பத்து ஸ்லைடுகள். தயாரிப்பாளர் அனுப்பிய விவரத்தாளில் இருந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டேன். முதலில் பொருளின் படமும் பெயரும், அடுத்து கொள்ளளவு, பிறகு 22.5 வாட் வேகம், அதன் பிறகு போர்ட்டுகள், எடை, நிறங்கள். கொள்ளளவு ஸ்லைடில், "உங்கள் போனுக்கு இரண்டு முழு சார்ஜ்" என்று எழுதியிருந்தேன். இன்று பெரும்பாலான போன்களில் 5,000 எம்.ஏ.எச். பேட்டரிதானே, பத்தை ஐந்தால் வகுத்தால் இரண்டு என்பது என் கணக்கு.

பத்து நாளில் இன்பாக்ஸ் நிறைந்தது. "ரெண்டு தடவைன்னு போட்டிருந்தீங்க, ஒன்றரைகூட வரலையே" என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த வரி. சிலர் பொருளையே திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தவற்றைச் சோதிக்கும் கிடங்கு அண்ணன் என்னைக் கூப்பிட்டு, யூ.எஸ்.பி. மீட்டரைச் சொருகிக் காட்டினார். "பீஸ்ல ஒரு குறையும் இல்லம்மா. பின்னாடி சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்றார். ரேட்டட் கெப்பாசிட்டி 6,000 எம்.ஏ.எச்., 5 வோல்ட்டில் என்று இருந்தது. விவரத்தாளிலும் அந்த வரி இருந்திருக்கிறது. நான்தான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பவர் பேங்க் உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட்டில் இயங்குவது. 10,000 என்பது அந்த வோல்ட்டேஜில் எடுத்த அளவு. இரண்டையும் பெருக்கி, மொத்த ஆற்றலை வாட் அவரில் சொன்னால் 37. போனுக்குக் கொடுக்கும்போது உள்ளிருக்கும் சர்க்யூட் அதை 5 வோல்ட்டுக்கோ அதற்கு மேலோ உயர்த்த வேண்டும். வோல்ட்டேஜ் ஏறினால் எம்.ஏ.எச். குறையும். இந்த மாற்றத்தில் கொஞ்சம் ஆற்றல் சூடாகவும் வீணாகிவிடும். மிச்சம் 5 வோல்ட்டில் 6,000, அதாவது 30 வாட் அவர். போனின் 5,000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு ஏறக்குறைய 19 வாட் அவர் வேண்டும். போன் தன் பங்குக்கு ஏற்றும்போதும் சிறிது இழக்கும். நாங்களே ஒரு போனை முழுக்க இறக்கி அணைத்துவைத்துச் சோதித்தோம். ஒருமுறை நூறு வரை ஏறியது. மறுமுறை 34 சதவீதத்தில் நின்றுவிட்டது.

இதைப் பார்த்ததும் டிசைனர் தம்பி, "அக்கா, இந்த ஸ்லைடையே எடுத்துடலாமா?" என்று கேட்டான். எடுத்தால் கேள்வி இன்பாக்ஸுக்குத்தான் போகும். அதனால் அதை முன்னால் கொண்டுவந்து இரண்டாவது இடத்தில் வைத்தோம்.

இரண்டாவது இடத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஒருவர் நம் பதிவின் முதல் ஸ்லைடைப் பார்த்து நகர்த்தாமல் போய்விட்டால், இன்ஸ்டாகிராம் பல நேரம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடிலிருந்து மறுபடி காட்டும். ஆகவே இரண்டாவது ஸ்லைடு முதலாவதின் தொடர்ச்சியாக மட்டும் இருந்தால் போதாது, தனியாகவும் நிற்க வேண்டும். முதல் பதிவில் ஒரு சார்ஜிங் கேபிள் முதல் ஸ்லைடில் தொடங்கி இரண்டாவதுக்குள் ஓடுவதுபோல வரைந்திருந்தோம். விரலால் தள்ளும்போது அழகாக இருந்தது. ஆனால் இரண்டாவதிலிருந்து பார்ப்பவருக்கு இடது ஓரத்திலிருந்து ஒரு துண்டுக் கேபிள் வந்து நிற்கும், என்ன பொருள் என்றே தெரியாது. புதிய பதிவில் அந்தக் கேபிளை எடுத்துவிட்டு, இரண்டாவது ஸ்லைடிலும் பவர் பேங்க் படத்தை வைத்தோம். மேலே, "10,000 என்றால் உங்கள் போனுக்கு எவ்வளவு?" என்ற கேள்வி. கீழே இரண்டு போன் படங்கள், ஒன்று முழுப் பச்சை, மற்றது மூன்றில் ஒரு பங்கு பச்சை. ஓரத்தில் ஒரே வரி: "5,000 எம்.ஏ.எச். போனில் நாங்கள் சோதித்தது." வோல்ட் கணக்கை படத்தில் வைக்கவில்லை, கேப்ஷனில் எழுதினேன். தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அங்கே படிப்பார்.

முதல் ஸ்லைடில் எண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ரயில் ஜன்னலோரம், கையில் போன், பக்கத்தில் பவர் பேங்க். "காலையில் கிளம்பினால் ராத்திரி வரை" என்று நான்கே சொற்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். 1080 பிக்சல் அகலத்தில் செய்யும் ஸ்லைடு போன் திரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். கணினியில் 36 அளவில் பளிச்சென்று தெரியும் எழுத்து, கையில் வரும்போது 12 ஆகிவிடும். ஒவ்வொரு ஸ்லைடையும் தம்பி தன் போனுக்கு அனுப்பி, கையை நீட்டிப் பிடித்து எனக்குக் காட்டுவான். படிக்கக் கண்ணைச் சுருக்கினால் சொற்களைக் குறைப்பேன். எழுத்தின் அளவைக் குறைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு வந்த வரிசையை இன்பாக்ஸ்தான் எழுதியது. எவ்வளவு ஏறும் என்று தெரிந்துகொண்டவர் அடுத்து கேட்பது, எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று. மூன்றாவது ஸ்லைடில் 22.5 வாட் என்று போட்டு, அது எல்லா போனுக்கும் கிடைக்காது என்பதையும் அதே அளவு எழுத்தில் போட்டோம். போனும் கேபிளும் அந்த வேகத்தை ஏற்றால்தான் கிடைக்கும். பவர் பேங்கும் போனும் ஒரே வேக முறையைப் பேசவில்லை என்றால் சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். நான்காவது ஸ்லைடில் இரண்டு போர்ட்டுகள். இரண்டு போனையும் ஒன்றாகச் சொருகினால் இந்த மாடலில் வேகம் குறைந்து, 15 வாட்டை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். முன்பு இதை, "ஒரே நேரத்தில் இரண்டு" என்று மட்டும் எழுதியிருந்தேன். புகார்களில் பாதிக்கு அந்த மூன்று சொற்களும் காரணம்.

ஐந்தாவது ஸ்லைடு எனக்கு மிகவும் பிடித்தது. விவரத்தாளில் கடைசி வரியாகக் கிடந்த ஒரு வசதி. இயர்பட்ஸ் டப்பா மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுக்கும். எதுவும் சொருகவில்லை என்று நினைத்து பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் அணையாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். "இயர்பட்ஸ் ஏறவே மாட்டேங்குது" என்று திருப்பி அனுப்பியவர்களுக்கு இது தெரிந்திருந்தால் போதும். பட்டன் மேல் ஒரு விரல், பக்கத்தில் "2 தடவை". அவ்வளவுதான் அந்த ஸ்லைடு. புதிய பதிவு அதிகம் சேமிக்கப்பட்டது இந்தத் தகவலுக்காகத்தான் என்று இன்பாக்ஸில் வந்த நன்றிகளை வைத்துச் சொல்வேன்.

ஆறாவதில் விமானம். 100 வாட் அவருக்குள் இருப்பதால் கையோடு கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 37 வாட் அவர் என்று அச்சிட்ட இடத்தை நெருக்கமாகப் படமெடுத்துப் போட்டோம். அங்கேயே பி.ஐ.எஸ். குறியும் தெரிந்தது. நிறங்களும் எடையும் கேப்ஷனுக்குப் போயின.

ஏழாவதும் கடைசியுமான ஸ்லைடில் விலை வேண்டும் என்றார் முதலாளி. நான் மறுத்தேன். பதிவு ஏறிய பிறகு ஒரு ஸ்லைடின் படத்தை மாற்ற எங்களுக்கு வழி இருக்கவில்லை, கேப்ஷனைத்தான் திருத்த முடிந்தது. பண்டிகைத் தள்ளுபடியில் விலை இறங்கி மறுபடி ஏறும்போது, பழைய எண் படத்தில் நின்றுகொண்டிருக்கும். "அப்போ கடைசில என்ன வைப்ப?" என்று கேட்டார். பெட்டிக்குள் இருப்பவற்றை மேசையில் பரப்பிப் படமெடுத்து வைத்தோம்: பவர் பேங்க், ஒரு சிறிய சி-டைப் கேபிள், வாரண்டி அட்டை. சார்ஜர் அடாப்டர் பெட்டியில் இல்லை என்பதையும் அதிலேயே எழுதினோம்.