நேரத்தைக் கேட்கப் போய் என் கதையைக் கொடுத்துவிட்டு வந்தேன்

தினமும் மாலை 5 மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். அது எழுத்தில் கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. அதில் மூன்று மாதம் நான் கேட்ட விதத்தால் வீணானது.

மகளைத் தனியாக வளர்க்கிறேன். அவள் இருக்கும் காப்பகம் 6 மணிக்கு மூடிவிடும். அலுவலகத்திலிருந்து அங்கே போக நாற்பது நிமிடம். என் வேலை நேரம் 10 முதல் 6:30 வரை. மாலையில் அவளைக் கூட்டி வந்துகொண்டிருந்தவர் வீடு மாறிப் போனதும் வேறு வழியில்லாமல் ஹெச்.ஆர். பிரிவுக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் “என்ன காரணம்?” என்றுதான் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிரிந்தது, வழக்கு நடந்தது, பணம் வராதது, தூக்கமில்லாத ராத்திரிகள். அவர் பொறுமையாகக் கேட்டார், கண்கூடக் கலங்கினார். கடைசியில், தனியாக வளர்ப்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் என்றார். மறுநாளே நீதிமன்ற உத்தரவை முழுசாக, பதினோரு பக்கமும் நகலெடுத்துக் கொடுத்தேன். எந்த விதிப்படி கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து மேலாளர் கூப்பிட்டார். “உங்க நிலைமை புரியுது. ரொம்ப முடியாத நாள்ல சொல்லுங்க, சீக்கிரம் கிளம்பிடுங்க” என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் என் கோரிக்கை அந்த இடத்திலேயே கெட்டுப்போனது. எனக்குத் தினமும் ஒரே நேரம் தேவை. கிடைத்ததோ முடியாத நாளுக்கான சலுகை. தினமும் நாலரை மணிக்கு அவர் மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், இன்றைக்கு என்ன கஷ்டம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வாரத்தில் அவர் முகம் மாறத் தொடங்கியது. துயரத்தைச் சொல்லிக் கேட்டால் துயரம் தீர்ந்ததும் சலுகையும் முடிந்துவிடும் என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். காப்பகம் மூடும் நேரம் அப்படித் தீர்கிற விஷயமா?

அதைவிட வலித்தது வேறொன்று. நான் எதுவுமே சொல்லாத ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தில், “கேஸ் முடிஞ்சிருச்சா அக்கா?” என்று கேட்டாள். அந்தப் பதினோரு பக்கமும் ஸ்கேன் செய்யப்பட்டு, எங்கள் குழுவின் விடுப்புக் காகிதங்கள் இருக்கும் பொது ஃபோல்டரில் கிடந்தது.

அடுத்த தவறு படிவத்தில். பேச்சை நம்பாமல் எழுத்தில் கேட்போம் என்று ‘ஃபிளெக்ஸி டைம்’ படிவத்தை நிரப்பினேன். ஒப்புதலும் வந்தது, சந்தோஷப்பட்டேன். படித்துப் பார்த்தால், காலையில் 8 முதல் 11 மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், 11 முதல் 6 வரை எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று இருந்தது. ஃபிளெக்ஸி என்றால் நேரம் நகரும் என்று அர்த்தம். எனக்கு வேண்டியது நகராத நேரம். நான் நிரப்பியிருக்க வேண்டியது ‘வேலை நேர மாற்றம்’ என்ற இன்னொரு படிவம். கோரிக்கையில் “நெகிழ்வு”, “முடிந்தவரை”, “பெரும்பாலும்” என்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். படிப்பவர் அதில் தனக்கு வசதியான அர்த்தத்தைத்தான் எடுப்பார்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். மேலாளருக்கு என் வாழ்க்கை தெரிய வேண்டியதில்லை, 5 மணிக்கு மேல் வேலை என்ன ஆகும் என்பது தெரிய வேண்டும். மூன்று வாரம் ஒரு நோட்டில் குறித்தேன். 5 மணிக்குப் பிறகு என்னைத் தேடி வந்தவை அந்தப் பதினைந்து நாளில் ஒன்பது. ஏழு மறுநாள் காலை வரை தாங்கும். இரண்டுதான் உண்மையில் அவசரம், அந்த இரண்டையும் மாலை நேரத்தில் இருக்கும் சக ஊழியரே பார்த்திருக்க முடியும். அவரிடம் முதலில் பேசினேன். காலை அறிக்கையை நான் எடுத்துக்கொள்கிறேன், மாலை அழைப்புகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். காலையில் சீக்கிரம் வருவது அவருக்குக் கஷ்டமாக இருந்ததால் உடனே ஒத்துக்கொண்டார்.

பிறகு அனுப்பிய கடிதம் இது:

“அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து என் வேலை நேரத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8:30 முதல் மாலை 5:00 வரை என மாற்றித் தரக் கோருகிறேன். மொத்த நேரம் குறையவில்லை. மாறாத குடும்பப் பொறுப்பு ஒன்று இருப்பதால் 5:00 மணிக்குக் கிளம்புவது அவசியம். காலை அறிக்கையை 9:30க்குள் தருவேன். 5:00 மணிக்கு மேல் வரும் அவசர அழைப்புகளைச் சக ஊழியர் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டுள்ளார். செவ்வாய், வியாழன் 5:30 கூட்டத்தை 4:00 மணிக்கு மாற்ற இயலுமா என்று தெரிவிக்கவும். மூன்று மாதம் நடத்திப் பார்த்துவிட்டு மறுபரிசீலனை செய்யலாம். முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

முதல் வரைவில் “அவசரம் என்றால் எந்த நேரமும் அழைக்கலாம்” என்றும் எழுதியிருந்தேன். நல்ல பெயர் வாங்கும் ஆசை. அந்த ஒரு வரி மேலே கேட்டதையெல்லாம் ரத்து செய்துவிடும் என்று தோன்ற, அனுப்பும் முன் எடுத்துவிட்டேன்.

கடிதத்தைப் பார்த்துவிட்டு மேலாளர் கேட்டார்: “குழந்தை விஷயம்தானே? வீட்ல வேற யாரும் இல்லையா?” இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து வீட்டில் பதிலைச் சொல்லிப் பார்த்திருந்தேன். “குடும்பப் பொறுப்பு சார். அதை வேற யார்கிட்டயும் மாத்த முடியாது. வேலைப் பக்கம் ஏதாவது இடிக்குதான்னு சொல்லுங்க, பேசலாம்.” இன்னொரு முறை வேறு விதமாகக் கேட்டார். நான் அதையே சொன்னேன். நடுவில் வந்த மௌனத்தை நிரப்பத்தான் நாக்கு துடித்தது. முதல் தடவை நான் சறுக்கியது அங்கேதான். இந்தத் தடவை அவரே மௌனத்தைக் கலைத்து, வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஹெச்.ஆர். மறுபடி ஆதாரம் கேட்டது. காப்பகத்தில் ஒரு கடிதம் வாங்கினேன். குழந்தை அங்கே சேர்க்கப்பட்டிருக்கிறது, 6 மணிக்குள் அழைத்துச் செல்ல வேண்டும், இவ்வளவுதான் அதில் இருந்தது. வேலை நேரத்துக்குத் தேவையான ஆதாரம் அதுதான். தனியாக வளர்ப்பவர்களுக்கென்றே உள்ள சலுகையைக் கேட்டால் வேறு காகிதம் தேவைப்படலாம். அப்போதும் எந்த விதிப்படி, எந்தப் பக்கம், காட்டினால் போதுமா, நகல் வேண்டுமா, யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எட்டாவது நாள் ஒப்புதல் வந்தது. செவ்வாய்க் கூட்டம் 4 மணிக்கு மாறியது. வியாழன் மாறவில்லை, குறிப்பைப் படித்துக்கொள்கிறேன். என் காலண்டரில் 5 மணிக்கு மேல் ‘வேலை நேரம் முடிந்தது’ என்று மட்டும் போட்டிருக்கிறேன். மூன்று மாத மறுபரிசீலனை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. போன வாரம் புது மேலாளர் வந்து, “நீங்க ஏன் அஞ்சு மணிக்கே கிளம்புறீங்க?” என்றார். அந்த ஒப்புதல் மின்னஞ்சலை அனுப்பினேன். “சரி” என்று பதில் வந்தது.

நீதிமன்ற உத்தரவைப் பொது ஃபோல்டரிலிருந்து எடுக்கச் சொல்லித் தனியாக எழுதினேன். எடுத்துவிட்டதாக எழுத்தில் பதில் தந்தார்கள். அதற்குள் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.