வடகரை

ஜூலை 9
வேலி மறுபடி நகர்ந்திருக்கிறது. போன மாசம் ஊருணிக்கரை வேப்பமரம் வேலிக்கு வெளியே நின்றது, இன்று உள்ளே நிற்கிறது.

ஜூலை 11
மாமாவிடம் நேரில் போய்க் கேட்டேன். "கரையில கொஞ்சம் மண்ணு போட்டு வேலி வச்சேன் மாப்ள, யாரு வீட்டுக் காசு போச்சு" என்றார். சரி, கரை கூடப் போகட்டும், மேற்கே வரத்துக்காலை எதுக்கு மூடினீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. டிராக்டர் உள்ளே போக வழி வேண்டுமாம், கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரவிவிட்டார். அந்தக் கால் வழியாகத்தான் மேட்டுக்காட்டு மழைத் தண்ணீர் முழுதும் ஊருணிக்கு வருகிறது. செருப்போடு கரை ஏறினாலே திட்டுகிற ஊர் இது.

ஜூலை 14
eservices.tn.gov.in தளத்தில் அ-பதிவேடும் புலப்படமும் எடுத்தேன். பதிவேட்டில் 'அரசு புறம்போக்கு - ஊருணி' என்று இருப்பதைப் பார்த்ததும் பாதி பாரம் இறங்கியது. சாயங்காலம் தம்பியோடு போய் டேப் பிடித்தோம். தென்கரைக் கல்லிலிருந்து வடக்கு எல்லைக்குப் படத்தில் 81 மீட்டர், அவர் வேலி வரைக்கும் தரையில் 75. ஆறு மீட்டர் உள்ளே வந்திருக்கிறார். வேலி நீளம் 70 மீட்டர், ஆக 420 சதுர மீட்டர், பத்து சென்டுக்கு மேல். "கொஞ்சம் மண்ணு".

ஜூலை 15
வடகிழக்கு மூலைக் கல் எங்கே? இருந்த இடத்தில் எருக்குழி இருக்கிறது.

ஜூலை 23
வி.ஏ.ஓ. சொன்ன பிறகுதான் தெரிந்தது, மாமா மூன்று வருசமாக மாட்டுக் கொட்டகைக்கு பி-மெமோ கட்டி வருகிறார். ரசீதை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாராம். அது அரசு நிலத்தை அத்துமீறி வைத்திருப்பதற்குப் போடுகிற அபராதம், அதனால் எந்த உரிமையும் வராது. ஆனால் ஊரில் பாதிப் பேர் பி-மெமோ கட்டினால் பட்டா வந்துவிடும் என்று நம்புகிறார்கள், அவரும் நம்புகிறார். நாமும் அதைக் கேட்டுப் பேசாமல் இருந்தால் நாளைக்கு அந்த ரசீதுகளே "இத்தனை வருசமா என் அனுபவத்தில் இருக்கு" என்பதற்குச் சாட்சியாக வந்து நிற்கும்.

ஆகஸ்ட் 2
பையன்கள் இரவோடு இரவாக ஜேசிபி வைத்து வேலியைப் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். இரண்டு மணி நேரம் பேசி நிறுத்தினேன். பிடுங்கினால் மறுநாள் காலையில் அவர் பாதிக்கப்பட்டவர், நாங்கள் குற்றவாளிகள். அதை வைத்தே உரிமையியல் நீதிமன்றத்தில் எங்கள் மேல் தடையுத்தரவும் வாங்கிவிடுவார். எனக்கும் ஆத்திரம் இல்லாமல் இல்லை. தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 5
அத்தை வீட்டுத் தயிர் நின்று மூன்று வாரம் ஆச்சு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரத்தைக் கழுவி மேலே வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 15
கிராம சபை. 'ஊர் ஆக்கிரமிப்புகளை அகற்றக் கோருதல்' என்று ஒரு வரியில் முடிக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை. புல எண், மொத்தப் பரப்பு, எந்தப் பக்கம் எத்தனை மீட்டர், வரத்துக்கால் எங்கே மூடியிருக்கிறது, வட்டாட்சியர் அளந்து அகற்ற வேண்டும் என்று சொல்லச் சொல்ல எழுத வைத்தோம். பொதுவாக எழுதின தீர்மானத்தை ஆபீசில் எந்தக் கோப்பிலும் சேர்க்க மாட்டார்கள். நகல் கேட்டு மனுவும் அங்கேயே கொடுத்தேன். மாமா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கை தூக்கவில்லை, எதிர்த்தும் பேசவில்லை.

ஆகஸ்ட் 30
ஒரு பயம் பிடித்துக்கொண்டது. எண்பதுகளில் யுடிஆர் என்று நிலக் கணக்கைப் புதுப்பித்து எடுத்தபோது புறம்போக்கு பல இடங்களில் தவறாகப் பட்டாவில் ஏறியிருக்கிறது. வடகரையில் ஒரு துண்டு அப்படி அவர் அப்பா பேரில் ஏறியிருந்தால்? அப்போது ஆக்கிரமிப்பு நோட்டீசால் பயன் இல்லை, முதலில் மாவட்ட வருவாய் அலுவலரிடம் போய்ப் பட்டாவைத் திருத்த வேண்டும், அதற்கே வருசக்கணக்காகும். யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டு நகல் கேட்டுப் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டேன். 30 நாள்.

செப்டம்பர் 4
வரத்துக்காலில் கொட்டின கல்லை எண்ணிக்கொண்டே நின்றுவிட்டேன்.

செப்டம்பர் 12
சர்வேயர் வந்தார். வடகிழக்குக் கல் இல்லாமல் அளக்க முடியாது என்று திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவர் தென்கரைக் கல்லையும் கிழக்கு வயல் கல்லையும் பிடித்து, படத்தில் உள்ள தூரத்தை இரண்டிலிருந்தும் போட்டார். இரண்டு டேப்பும் எருக்குழிக்குள் சேர்ந்தன. இரண்டடி தோண்டினதும் கல்! படுக்கப் போட்டுப் புதைக்கவில்லை, நட்டபடி அப்படியே நின்றது. மேலே எருவைக் குவித்து மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கல்லுக்கு யாராவது அழுவார்களா தெரியவில்லை. ஆறு மீட்டர் சரி. மாமா கையெழுத்துப் போட மறுத்தார். மறுத்ததையே எழுதி, நின்றவர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கச் சொன்னோம்.

செப்டம்பர் 20
1905 நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7ஆம் பிரிவு நோட்டீஸ் அவர் கைக்குப் போய்விட்டது. இது காரணம் கேட்பது மட்டும், அவர் பதிலைப் பார்த்துவிட்டு 6ஆம் பிரிவில்தான் வெளியேற்றும் உத்தரவு வரும். "சர்க்கார் மதிப்புக்குப் பணத்தைக் கட்டிட்டு வச்சுக்கிறேன்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வக்கீல் ஒரு தீர்ப்பைக் கொடுத்தார், 2011 ஜனவரி 28, ஜக்பால் சிங் வழக்கு. பஞ்சாபில் பட்டியாலா மாவட்டத்தில் ஊர்க் குளத்தை மண் போட்டு மூடி வீடு கட்டியவர்கள். அங்கே கலெக்டரே பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்றிருந்தார், உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. வீடு கட்டினவர்களுக்கே அப்படி, இங்கே இருப்பது வேலியும் கொட்டகையும். இரண்டு தடவை படித்தேன்.

செப்டம்பர் 27
பழைய பதிவேடு வந்தது. அதிலும் ஊருணிதான், பரப்பும் அதேதான். இன்று தூங்குவேன்.

செப்டம்பர் 29
கரை நிதானமாகப் போகட்டும், கால் காத்திருக்காது. மழை வந்துவிடும். அதனால் காலுக்கு மட்டும் தனியாக ஆர்.டி.ஓ.விடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவில் மனு கொடுத்தோம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்து 133தான்). பொது வழி, வாய்க்கால் அடைப்பை எடுக்கச் சொல்லி நிபந்தனை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. எதிர்ப்பு இருந்தால் வந்து சொல் என்பதுதான் அந்த நிபந்தனை.

அக்டோபர் 9
உத்தரவு வந்தது, மாமாவும் வக்கீலோடு வந்துவிட்டார். அங்கே பொதுக் கால் என்று ஒன்று கிடையவே கிடையாது என்கிறார். இதுதான் ஆபத்தான இடம். அப்படி மறுப்பதற்கு நம்பத்தக்க சாட்சியம் அவரிடம் இருந்தால் ஆர்.டி.ஓ. நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டும், உரிமையியல் நீதிமன்றம் தீர்மானிக்கும் வரை. எத்தனை மழை போகும்! பி-மெமோ ரசீதுகளை எடுத்து நீட்டினார். நாங்கள் புலப்படத்தையும் பழைய பதிவேட்டையும் நீட்டினோம், படத்தில் கால் மூன்று மீட்டர் அகலத்தில் இரண்டு கோடாக இருக்கிறது. தவிர, அவர் ரசீது எல்லாம் கொட்டகைக்கு, காலுக்கு ஒன்றுகூட இல்லை. அடுத்த விசாரணை 17.

அக்டோபர் 14
மாமா ஆள் அனுப்பினார். ஒன்பது அங்குலக் குழாய் பதித்துத் தருகிறாராம், அதோடு விட்டுவிட வேண்டுமாம். ஊரில் நாலு பேர் சரி என்கிறார்கள். மூன்று மீட்டர் கால் எங்கே, ஒன்பது அங்குலம் எங்கே? முதல் மழையில் வருகிற சருகும் வண்டலும் போதும் அதை அடைக்க. வருசா வருசம் யார் தூர் எடுப்பது? அப்புறம் குழாய்க்கு மேலே இருக்கிற தரை யாருடையது என்ற பேச்சு வரும். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். கத்திவிட்டேன், அது தப்பு.

அக்டோபர் 15
அத்தை கோயிலில் பார்த்தார். நின்றார். "நல்லாருக்கியா" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 16
இரவு பதினொன்றரை. மேற்கே மின்னல். டார்ச்சோடு போய்ப் பார்த்தேன், இடிபாட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் முழங்கால் அளவு தேங்கி நிற்கிறது, அந்தப் பக்கம் ஊருணி காய்ந்து கிடக்கிறது. மண்வெட்டி கையில்தான் இருந்தது. போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காலையில் விசாரணை.