தம்பி அனுப்பும் டொலர்: எதை வைத்திருந்தோம், எதை மாற்றினோம்

தம்பி டோஹாவில் வேலை செய்கிறான். அவன் அனுப்பும் காசை யாழ்ப்பாணத்தில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2021 கடைசியில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு: வருகிற காசை உடனே ரூபாயாக்குவதா, டொலராகவே வங்கியில் விடுவதா? அன்றிலிருந்து இன்றுவரை இரண்டையும் செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். இதே கேள்வி எத்தனையோ வீடுகளில் இருக்கிறது என்று தெரியும்.

இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டுக் காசை அப்படியே வைத்திருக்கத் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு இருக்கிறது. வங்கியில் அதை பிஎஃப்சிஏ என்றால்தான் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அடையாள அட்டை, முகவரிக்கு மின்சாரப் பட்டியல், காசு எங்கிருந்து, யாரிடமிருந்து வருகிறது என்ற விபரம், தொடக்க வைப்பாகக் கொஞ்ச டொலர். திறப்பதில் சிரமமே இல்லை. அதற்குள் காசை டொலராகவே கொண்டுவந்து சேர்ப்பதில்தான் கவனம் வேண்டும்.

கட்டாரில் பலரும் செய்வதுபோலத் தம்பியும் எக்ஸ்சேஞ்சில் ரியாலைக் கட்டி அனுப்புவான். அங்கே அவர்கள் சொல்லும் வீதமே ரூபாய்க் கணக்கில்தான் இருக்கும். அதாவது காசு புறப்படும்போதே ரூபாயாகிவிடுகிறது. அது இங்கே வந்தபின் 'டொலராகப் போடுங்கள்' என்று கேட்டால் வங்கியால் ஒன்றும் செய்ய முடியாது. டொலராக வர வேண்டுமென்றால், அவனுடைய வங்கிக் கணக்கிலிருந்து டொலரில் TT, அதாவது வங்கியிலிருந்து வங்கிக்குத் தந்திப் பரிமாற்றம், போட வேண்டும். படிவத்தில் நாணயம் USD என்றும், கணக்கு இலக்கம் டொலர்க் கணக்கின் இலக்கம் என்றும் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மகன் டொலரில்தான் அனுப்பினான். ஆனால் பழைய சேமிப்புக் கணக்கின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டான். வங்கி அன்றைய வீதத்தில் மாற்றி ரூபாயாக வரவு வைத்துவிட்டது. அதைத் திரும்ப டொலராக்க வழி இருக்கவில்லை.

இது முக்கியமான விஷயம். டொலரை எந்த நாளும் ரூபாயாக மாற்றலாம். ஆனால் ரூபாயைக் கொடுத்து டொலர் வாங்கி இந்தக் கணக்கில் போட முடியாது. வெளியிலிருந்து வந்த காசுதான் இதற்குள் போகும். அதனால் மாற்றுவது என்ற முடிவு ஒருவழிப் பாதை. சந்தேகம் இருந்தால் பாதியை மட்டும் மாற்றலாம், மீதியை அடுத்த மாதம் யோசிக்கலாம்.

அடுத்தது செலவு. முதல் தடவை 250 டொலர் அனுப்பினான், வந்து சேர்ந்தது 230. இடையில் இருக்கும் வங்கி தன் கூலியை எடுத்துக்கொண்டது. படிவத்தில் கட்டணம் யார் தலையில் என்று கேட்கும் இடத்தில் SHA என்று இருந்தால் இப்படித்தான் வழியில் கழியும். OUR என்று போட்டால் அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டிவிடுவார், தொகை பெரும்பாலும் முழுதாக வரும். எப்படிப் பார்த்தாலும் அந்த 20 டொலர் குடும்பத்துக் காசுதான். 250இல் 20 போனால் 8 சதவீதம். ஒரு வருடம் டொலரில் வைத்திருந்தாலும் அவ்வளவு வட்டி கிடைக்காது. 750இல் 20 போனால் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அதனால் வீட்டுச் செலவுக்கான காசு மாதாமாதம் எக்ஸ்சேஞ்ச் வழியாக ரூபாயாகவே வரட்டும், டொலராக வைக்க வேண்டியதை மூன்று மாதத்துக்கு ஒருதடவை சேர்த்து அனுப்பட்டும் என்று பிரித்துக்கொண்டோம்.

எதை டொலராக வைப்பது என்பதை நாங்கள் தங்கச்சியின் படிப்பை வைத்துத்தான் முடிவுசெய்தோம். அவள் ஏசிசிஏ கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக் கட்டணம் பிரித்தானியப் பவுணில் கட்ட வேண்டும். 2022இல் வங்கிகளில் வெளிநாட்டுக் காசே இல்லாமல் போனபோது, கையில் ரூபாய் இருந்தும் கட்டணம் கட்ட வழியில்லாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்தேன். அவளுடைய கட்டணம் டொலர்க் கணக்கிலிருந்து போனது. வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டிய கடமை ஒன்று இருந்தால் அதற்குரிய காசை மாற்றவே கூடாது. வட்டி, வீதம் எதையும் அங்கே பார்க்க வேண்டியதில்லை. அதேபோல அடுத்த மாத அரிசிக்கும் மின்சாரத்துக்கும் உரிய காசை டொலரில் வைத்து வீதம் ஏறுமா என்று காத்திருப்பதிலும் அர்த்தம் இல்லை.

கஷ்டமான முடிவு மூன்றாவது வகைக் காசுக்குத்தான். இப்போதைக்குத் தேவையில்லை, ஒருநாள் இங்கேதான் செலவாகும். எங்களுக்கு அது வீட்டின் மேல்மாடிக்கான காசு. இதற்கு நான் ஒரு கணக்குப் போடப் பழகினேன். ரூபாயாக மாற்றி வைப்பில் போட்டால் ஒரு வருடத்தில் எவ்வளவு ஆகும்? டொலராக விட்டால் வட்டியோடு எத்தனை டொலர் ஆகும்? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு வீதம் வரும். ஒரு வருடம் கழித்து டொலர் அந்த வீதத்தைத் தாண்டும் என்று நம்பினால் வைத்திருக்கலாம், இல்லாவிட்டால் மாற்றலாம்.

2021 டிசம்பரில் வங்கி வீதம் 200 ரூபாயை ஒட்டிக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. அனுப்புபவர்களை இழுக்க அரசு டொலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுத்தது. அப்போது 1,000 டொலரை மாற்றினால் கிட்டத்தட்ட 2,10,000 ரூபாய். 6 சதவீத வட்டியோடு ஒரு வருடத்தில் 2,22,600. டொலராக 3 சதவீதத்தில் விட்டால் 1,030 டொலர். வகுத்தால் 216. அதே நாட்களில் ஊரில் வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர்கள் 240ஐத் தாண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளிதான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. டொலருக்கு வெளியில் ஒரு விலை, வங்கியில் அதைவிட மிகக் குறைந்த ஒரு விலை, வங்கியில் கேட்டால் டொலர் இல்லை. கட்டிவைத்த வீதம் நீடிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. (உண்டியலில் நாங்கள் அனுப்பவில்லை. அது சட்டத்துக்குப் புறம்பு. காசு வராவிட்டால் போய்க் கேட்க இடமும் இல்லை.) தம்பியும் தொலைபேசியில் சொன்னான்: "அக்கா, வீட்டுச் செலவுக்கு வாறது போதும். மற்றதை இப்ப மாத்தாதேங்கோ."

2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி வீதத்தைத் தளர்த்தியது. மாத முடிவில் 300ஐ ஒட்டி வந்தது, மே மாதத்தில் 360. கணக்கில் இருந்த டொலரைத் தொடாமல் இருந்தோம். அந்த நாட்களில் டொலர்க் கணக்குகளைக் கட்டாயமாக ரூபாயாக்கப்போகிறார்கள் என்று வதந்தி பரவி, அம்மா நித்திரை இல்லாமல் தவித்தா. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒரு எல்லை தெரிந்தது. கணக்கில் டொலர் என்று எழுதியிருந்தாலும், நோட்டாகக் கேட்டபோது கிளையில் இல்லை என்றார்கள். நாட்டில் டொலருக்குத் தட்டுப்பாடு வந்தால் அந்தக் கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது. கட்டணத்துக்கான காசைக் கடைசி நாள்வரை விடாமல் முன்கூட்டியே அனுப்பச் சொல்வது அதனால்தான்.

பலர் இங்கேதான் நிறுத்திக்கொள்கிறார்கள். '2022இல் டொலர் வைத்திருந்தவன் தப்பினான், ஆகவே எப்போதும் டொலர்' என்கிறார்கள். அது சரியில்லை என்பதற்கு அடுத்த வருடமே சாட்சி.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. வருடக் கடைசியில், அரசு கடன் வாங்க விற்கும் பத்திரமான திறைசேரி உண்டியல் ஒரு வருடத்துக்கு 29 சதவீதத்தை ஒட்டிக் கொடுத்தது. வங்கியின் வாங்கும் வீதம் 360 என்று வைத்துக்கொள்வோம். 1,000 டொலரை மாற்றினால் 3,60,000 ரூபாய். வட்டி 1,04,400. அதில் 5 சதவீத வரி போக, முடிவில் 4,59,180 கையில் வரும். டொலரில் 6 சதவீதம் என்றால் 1,060 டொலர். வகுத்தால் 433. டொலர் 433ஐத் தாண்டினால்தான் வைத்திருந்ததில் லாபம். அப்போது வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் பெரிய இடைவெளி இல்லை. வீதம் பல மாதமாக 360ஐச் சுற்றியே நின்றது. சர்வதேச நாணய நிதியத்தோடு கடனுதவிக்கான அதிகாரிகள் மட்ட உடன்பாடும் செப்டெம்பரில் முடிந்திருந்தது. 433 எனக்கு நம்பக்கூடியதாகத் தெரியவில்லை. மேல்மாடிக் காசில் பெரும்பகுதியை மாற்றித் திறைசேரி உண்டியலில் போட்டோம்.

2023 முடிவில் டொலர் 324ஐ ஒட்டி நின்றது. வாங்கும் வீதம் 319 என்றால், வைத்திருந்த 1,060 டொலர் 3,38,140 ரூபாய்தான். மாற்றியவருக்கும் வைத்திருந்தவருக்கும் 1,000 டொலருக்கே 1,21,000 ரூபாய் வித்தியாசம்.

அந்த 29 சதவீதம் சும்மா கிடைத்ததில்லை. அரசு தன் கடனை மறுசீரமைக்கும்போது உள்நாட்டுப் பத்திரங்களிலும் கைவைக்கலாம் என்ற பயத்துக்கான விலை அது. 2023இல் அந்த மறுசீரமைப்பு வந்தபோது பொதுமக்களின் திறைசேரி உண்டியல்களையும் வங்கி வைப்புகளையும் தொடவில்லை. ஆனால் நாங்கள் போட்ட நாளில் அது யாருக்கும் தெரியாது. அதனால்தான் முழுவதையும் போடவில்லை, தங்கச்சியின் கட்டணக் காசு டொலரிலேயே இருந்தது.

2025இல் அதே கணக்கைப் போட்டபோது சப்பென்று இருந்தது. வீதம் 300ஐ ஒட்டி, ஒரு வருடத் திறைசேரி உண்டியல் 8 சதவீதத்தை ஒட்டி, வட்டி வரியும் 10 சதவீதமாகிவிட்டது. கையில் 7.2 சதவீதம். டொலரில் 4 சதவீதம் கிடைத்தால் வகுத்து வருவது 309. அதாவது ரூபாய் வருடத்துக்கு 3 சதவீதம் சரிந்தாலே இரண்டும் ஒன்றுதான். இப்படி நெருக்கமாக இருக்கும்போது வீதத்தைத் துரத்தாமல், காசு எங்கே, எந்த நாணயத்தில், எப்போது செலவாகும் என்பதை மட்டும் பார்க்கிறேன். மேல்மாடிக்குக் கொத்தனாருக்கு முற்பணம் கொடுக்கும் நாள் தெரிந்ததும் அதற்குரியதை மாற்றிவிட்டேன்.

மாற்றப் போகும்போது வங்கிப் பலகையில் இரண்டு வாங்கும் வீதம் இருக்கும். ஒன்று நோட்டுக்கு, மற்றது TTக்கு. கணக்கிலிருந்து மாற்றும்போது TT வீதம்தான் பொருந்த வேண்டும். அது நோட்டு வீதத்தைவிடக் கூடுதலாக இருக்கும். பெரிய தொகை என்றால் முகாமையாளரிடம் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டித் தரக்கூடும், கேட்காதவருக்குத் தருவதில்லை. டொலரில் வைப்பதையும் ஒரு வருடத்துக்குப் பூட்டாமல் மூன்று மாத நிலையான வைப்பாகப் போடுகிறேன். இடையில் உடைத்தால் வட்டி குறைந்துவிடும். மூன்று மாதம் என்றால் தம்பியின் அடுத்த தொகை வரும் நேரமும் அது முதிரும் நேரமும் ஒத்துவருகிறது. அன்று இரண்டையும் சேர்த்து வைத்து, மேலே சொன்ன வகுத்தலை ஒருதடவை போட்டுவிட்டு, மாற்றுவதை மாற்றி மீதியைப் புதுப்பித்துவிட்டு வருகிறேன்.