இடமாற்ற உதவி 100 என்றால் கையில் எவ்வளவு?

இன்று தோழி ஒருவர் தன் ஆஃபர் லெட்டரைக் காட்டினார். வேறு ஊரில் வேலை. சம்பளம், பதவி எல்லாம் பெரிய எழுத்தில்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "24 மாதங்களுக்குள் விலகினால் இடமாற்ற உதவித்தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும்."

அந்த 'முழுவதையும்' என்ற சொல்லில்தான் வலி இருக்கிறது.

மொத்தமாகக் கொடுக்கும் தொகையைப் பல நாடுகளில் சம்பளமாகவே கருதி வரி பிடிப்பார்கள். 30 சதவீதம் என்று வைத்தால், 100 கொடுத்தால் கைக்கு வருவது 70. 23-ஆவது மாதம் விலகினால் கேட்பது 100!

கேட்க வேண்டியவை மூன்று. திருப்பித் தரும் தொகை மாதாமாதம் குறைய வேண்டும். 18 மாதம் முடித்தவர் கால் பங்குதான் தர வேண்டும். அதுவும் வரி போகக் கைக்கு வந்த தொகையில். நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால் எதுவும் தரத் தேவையில்லை என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

கையில் 100 வர வேண்டுமென்றால் அவர்கள் ஏறக்குறைய 143 கொடுக்க வேண்டும். மறுத்தால், லாரிக்காரருக்கு நேரடியாகப் பணம் கட்டச் சொல்லலாம். அதற்கும் வரி உண்டா, அதை யார் ஏற்பது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

லாரி வாடகையை எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். பழைய வீட்டு நோட்டீஸ் காலமும் புதிய வீட்டு வாடகையும் ஒரே மாதத்தில் மோதுவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். முதல் 30 நாள் தங்குமிடத்தை நிறுவனம் கொடுத்தால் அந்த இரட்டை வாடகை பெரும்பாலும் தப்பும்.

தோழி இப்போது எச்ஆருக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்கிறார். கையெழுத்து இன்னும் போடவில்லை.