பாதுகாப்பு அலுவலர் ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன்

கோத்தகிரி பக்கம் ஒரு டீ பேக்டரியில் 2022 கடைசியில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்தேன். சேர்வதற்கு முன் ஒரு சான்றிதழுக்காக அலைந்ததும், சேர்ந்த பின் பணி நியமன ஆர்டரால் மாட்டிக்கொள்ள இருந்ததும் இன்னும் ஆறவில்லை.

முதலில் கீழே ஒரு பெரிய மில்லுக்குத்தான் விண்ணப்பித்தேன். ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடம். அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டம் 40-பி பிரிவின்படி அங்கே பாதுகாப்பு அலுவலர் வைத்தே ஆக வேண்டியிருந்தது. (2025 நவம்பரில் வந்த புதிய சட்டத் தொகுப்பில் இந்த எண்ணிக்கை 500 ஆகிவிட்டது, ஆபத்தான செய்முறை என்றால் 250.) என்னிடம் மெக்கானிக்கல் டிப்ளமோவும், அரசு ஏற்கும் தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோவும் இருந்தன. அப்போதைய விதிப்படி பொறியியல் பட்டம் இருந்தால் இரண்டு வருட அனுபவம் போதும். டிப்ளமோ என்றால் ஐந்து வருடம். அதுவும் மேற்பார்வை நிலையில்.

அந்த ஒரு சொல்லில்தான் தடுக்கி விழுந்தேன். பழைய பேக்டரியில் ஆறு வருடம் ஷிப்ட் பார்த்திருந்தும், சான்றிதழில் 'மெக்கானிக்காகப் பணிபுரிந்தார்' என்று அடித்திருந்தார்கள். நேர்காணலில் அதைப் பார்த்ததுமே கோப்பை மூடிவிட்டார்கள். திருத்தி வாங்க மழையில் இரண்டு முறை பஸ் ஏறிப் போனேன். "ரெஜிஸ்டர்ல இருக்கிறதைத்தான் தர முடியும் தம்பி" என்றார் கிளார்க். மூன்றாம் முறை, என் கையெழுத்துள்ள ஷிப்ட் பதிவேட்டை அவர் மேசையிலேயே திறந்து காட்டிய பிறகுதான் 'ஷிப்ட் மேற்பார்வையாளர்' என்று மாற்றித் தந்தார். அதற்குள் மில் வேலை போயிருந்தது. வேலையை விட்டு வரும்போதே பதவிப் பெயரைப் பார்த்து வாங்கிவிடுங்கள்.

டீ பேக்டரியில் இருநூறு பேர்கூட இல்லை. என்னை வைக்கச் சொல்லிச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. டீ வாங்கும் கம்பெனி கேட்டதால் வைத்தார்கள். ஆர்டரில் 'தொழிற்சாலைச் சட்டத்தின் எல்லாப் பாதுகாப்புக் கடமைகளுக்கும் இவரே பொறுப்பு' என்று ஒரு வரி. பெருமையாக நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதன் அர்த்தம், தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷினில்தான் புரிந்தது. அதில் பல் வெட்டிய இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வேகம். பல் தீட்ட ரோலரைக் கழற்றும்போது காப்புத் தகட்டையும் எடுப்பார்கள். சீசன் நேரத்தில் அதைத் திரும்ப மாட்டுவதில்லை. இங்கே குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டுத்தான் வேலை செய்வார்கள். ஒருநாள் இரவு ஷிப்டில், இலையைத் தள்ளிவிடக் குனிந்த அண்ணன் ஒருவரின் மப்ளர் நுனி ரோலருக்குள் போனது. முடிச்சுப் போடாததால் மப்ளர் மட்டும் போயிற்று.

மறுநாள் காலையே மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன்: காப்பு இல்லாமல் மெஷின் ஓடக் கூடாது, காப்பைத் திறந்தால் மோட்டார் தானாக நிற்கும் சுவிட்ச் வேண்டும், ரோலர் பக்கம் மப்ளர் கூடாது. நகலில் தேதியுடன் அவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். "சீசன் முடியட்டும்" என்றார்.

மூன்று வாரத்தில் அரசின் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். காப்பு எங்கே என்று கேட்டதும் மேனேஜர் என் பக்கம் கை காட்டி, ஆர்டரையும் எடுத்து நீட்டினார். எனக்கு வியர்த்துவிட்டது. ஆய்வாளர் படித்துவிட்டு, "இதை எழுதிக் கொடுத்துட்டா உங்க கடமை இவர் தலைக்குப் போயிடாது சார்" என்றார். அப்போதைய சட்டத்தில் 21-ஆம் பிரிவின்படி காப்பு போடாவிட்டால் 92-ஆம் பிரிவில் மாட்டியது, தொழிற்சாலையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் அதிபோகதாரரும் மேலாளரும்தான். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. நோட்டீஸ் அவர்கள் பெயருக்கே போனது.

அன்றிரவு விதிகளை எடுத்து வரிவரியாகப் படித்தேன். மில்லில் சட்டப்படி வைக்கப்படும் அலுவலருக்கும் பெரும்பாலான கடமைகள் 'ஆலோசனை சொல்லுதல்' என்றே இருந்தன. பாதுகாப்பு ஆய்வு, விபத்து விசாரணை, பயிற்சி போன்றவை மட்டும் அவரே செய்ய வேண்டியவை. ஆனால் அவருக்கு மூத்த அதிகாரி அந்தஸ்து உண்டு, தலைமை நிர்வாகியிடம் நேராகப் பேசலாம், சம்பந்தமில்லாத வேலையை அவர் தலையில் கட்டக் கூடாது. என்னைப் போல விருப்பத்தின்பேரில் வைக்கப்பட்டவருக்கு இதெல்லாம் ஆர்டரில் எழுதியிருந்தால்தான் உண்டு. என்னை அதுவரை இலை எடை போடவும் உட்கார வைத்திருந்தார்கள்.

புது ஆர்டர் கேட்டேன். 'பொறுப்பு' என்ற வரியை எடுத்துவிட்டு, நான் செய்ய வேண்டிய ஆய்வு, விசாரணை, பயிற்சி ஆகியவற்றைத் தனியாக எழுத வைத்தேன். உடனடி ஆபத்து என்றால் மெஷினை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தையும் சேர்க்கச் சொன்னேன். அதற்கு மட்டும் இரண்டு மாதம் இழுத்தார்கள். சுவிட்ச் அதற்கு முன்பே வந்துவிட்டது. முதல் நாள் அந்த மப்ளர் அண்ணனையே காப்பைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். மோட்டார் நின்றது, ரோலர் சுற்றி ஓய்ந்து நிற்கும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார்.