“நீ” என்று சொன்னால் கொலை

“இன்று வாய்மை பற்றிய கதை” என்று கோயில் மண்டபத்துப் பலகையில் எழுதியிருந்ததால், அரிச்சந்திரனின் மயானத்தையோ, அசுவத்தாமா என்ற யானை செத்த செய்தியைத் தருமர் முணுமுணுத்த இடத்தையோ எதிர்பார்த்துத்தான் கூட்டம் வந்திருந்தது. உபந்நியாசகரோ அவ்விரண்டையும் விட்டுவிட்டுப் பாரதப் போரின் 17ஆம் நாளை எடுத்துக்கொண்டார். பால் மணம் மாறாத குழந்தைகள் முதல் பல் போன தாத்தாக்கள் வரை ஒரே பாயில் அமர்ந்திருக்கும் சபையில், பொய் சொல்லலாம் என்று கிருஷ்ணனே அனுமதி கொடுக்கும் கதையை எடுக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

கர்ணனிடம் அடிபட்டுப் பாசறைக்குத் திரும்பிப் படுத்திருக்கிறார் தருமர். அவரைப் பார்க்க அருச்சுனன் வருகிறான். கர்ணனைக் கொன்றுவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று தருமர் மகிழ்கிறார். இன்னும் கொல்லவில்லை என்று தெரிந்ததும் பொறுமைக்கே பெயர் போன அந்த மனிதர் வெடித்து, “உன் காண்டீவத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு” என்று சொல்லிவிடுகிறார். காண்டீவத்தைக் கொடு என்று எவன் சொன்னாலும் அவன் தலையைக் கொய்வேன் என்று அருச்சுனன் யாரும் அறியாமல் ஒரு சபதம் வைத்திருந்தான். சத்தியம் தவறக் கூடாதே என்று அண்ணன் மீதே வாளை உருவுகிறான்.

இந்த இடத்தில் உபந்நியாசகர் கதையை நிறுத்தி, “இப்போது அருச்சுனன் வாக்கைக் காப்பதா, அண்ணனைக் காப்பதா?” என்று சபையைக் கேட்டார். பெரியவர்கள் கன்னத்தில் கைவைத்து யோசித்துக்கொண்டிருக்க, முன்வரிசைச் சிறுவன் ஒருவன், “யாருக்கும் தெரியாத சபதம்தானே, சும்மா விட்டுவிடலாம்” என்று நடைமுறைக்கு ஏற்ற தீர்ப்பை வழங்கினான்.

கிருஷ்ணன் அப்படிச் சொல்லவில்லை. கௌசிகர் என்ற தவசியின் கதையைச் சொன்னான். பெயர் வாயிலிருந்து வந்ததுமே ஒரு தாத்தா, “விசுவாமித்திரர்தானே?” என்றார், இன்னொருவர், “இல்லை, கொக்கை எரித்தவர்” என்று திருத்தினார். இவர் அந்த இருவருமே இல்லை, மூன்றாமவர் என்று நிலைநாட்டுவதற்குள் குழந்தைகளில் இருவர் கொட்டாவி விட்டார்கள். அறிந்த கதை என்று கருதுகிற பெரியவர்களால்தான் உபந்நியாசம் தடம் மாறுகிறது, அறியாத குழந்தைகளால் அல்ல என்பது என் நெடுநாள் கருத்து.

இந்தக் கௌசிகர் ஆறுகள் கூடும் இடத்தில் வாழ்ந்தவர். எப்போதும் உண்மையே பேசுவேன் என்று விரதம் பூண்டவர். கொள்ளையருக்கு அஞ்சிச் சிலர் ஓடிவந்து அருகிலிருந்த காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். துரத்தி வந்த கொள்ளையர், “உண்மை சொல்பவராயிற்றே, அவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று சொல்லுங்கள்” என்று கேட்க, மரமும் கொடியும் புதரும் அடர்ந்த இந்தக் காட்டுக்குள்தான் புகுந்தார்கள் என்று அவர் அடையாளத்தோடு சொல்லிவிட்டார். ஒளிந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கௌசிகர் நரகம் புகுந்தார்.

பிள்ளைகளின் கொட்டாவி அத்தோடு நின்றது. “வேறு திசையைக் காட்டியிருக்கலாம்” என்றாள் ஒருத்தி. “கண்ணை மூடி ஜபம் செய்துகொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்” என்றான் வேறொருவன். அவனுடைய தாயார் அவனை உற்றுப் பார்த்த பார்வையில், அந்த விடை வீட்டில் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பது தெரிந்தது. அதுவும் பொய்தான் என்று சிரித்த உபந்நியாசகர், முதலில் வாய் திறக்காமலே தப்பப் பார்க்க வேண்டும் என்பதுதான் கிருஷ்ணன் சொன்ன முதல் வழி என்றார். உடனே முன்வரிசைச் சிறுவன், “வகுப்பில் பேசாமல் நின்றால் நான்தான் செய்தேன் என்று முடிவு கட்டிவிடுகிறார்களே” என்று மனம் நொந்து கேட்டான். உபந்நியாசகர் தொடையைத் தட்டி மகிழ்ந்தார். ஏனென்றால் கிருஷ்ணனின் அடுத்த வாக்கியமே அதுதான்: மௌனமே சந்தேகத்தைக் கிளப்பும் என்றால், அப்போது பொய்யே மேல்.

உயிர் போகும் நேரத்துக்கு மட்டும் இந்தச் சலுகை என்று கவனமாக வேலி போட்டு அவர் அடுத்த கட்டத்துக்கு நகர முயன்றபோது, கொக்கை எரித்த தாத்தா எழுந்து, “பாரதத்தில் ஐந்து இடங்கள் சொல்லியிருக்கிறதே, விவாகத்தையும் சேர்த்து!” என்று உரத்த குரலில் நினைவூட்டினார். அவர் சொன்னது சரியே. திருமணம், காதல், உயிராபத்து, சொத்தெல்லாம் பறிபோகும் நேரம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஆனால் அருகில் அமர்ந்திருந்த அவருடைய துணைவியார், “நம் விவாகத்தில் சொன்னது எது?” என்று கேட்டபோது அவரிடம் விடை இல்லை. பட்டியல் முழுவதையும் பிள்ளைகளிடம் கொடுத்தால் நாளைக் காலையே ஆறாவது இடத்தைச் சேர்த்துவிடுவார்கள் என்பதால்தான் ஒன்றோடு நிறுத்தினேன் என்று உபந்நியாசகர் சமாளித்தார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

சரி, அருச்சுனன் சபதம் என்னவாயிற்று? மரியாதைக்குரிய பெரியவரை “நீ” என்று ஒருமையில் பேசிவிட்டால் அவரைக் கொன்றதற்குச் சமம், ஆகவே தருமரை அப்படிப் பேசிவிடு என்று கிருஷ்ணன் வழி சொல்கிறான். அருச்சுனனும் பேசுகிறான். போர்க்களத்தில் நிற்கும் பீமன் என்னைத் திட்டலாம், களத்துக்கு எட்ட இருக்கும் நீ திட்டலாமா, உன் சூதாட்டத்தால்தானே இவ்வளவும் வந்தது என்று பல நாள் மனத்தில் கிடந்ததை எல்லாம் கொட்டிவிடுகிறான்.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. நாள்தோறும் அம்மாவையும் பாட்டியையும் “நீ, வா, போ” என்று பேசிவரும் பிள்ளைகள், தங்கள் கொலைக் கணக்கைப் போடத் தொடங்கியிருந்தார்கள். அழும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு சிறுமி, “பாட்டி, உங்களுக்கு ஒன்றும் இல்லையே?” என்று பன்மையில் கேட்டாள், அதுவரை இல்லாத அந்த மரியாதையால் பாட்டிதான் மிரண்டுபோனார். தேவாரத்திலும் பிரபந்தத்திலும் இறைவனையே “நீ” என்றுதான் அழைத்திருக்கிறார்கள், அன்பில் வரும் ஒருமை கணக்கில் சேராது, அவமதிக்க வேண்டும் என்றே சொல்லும் ஒருமைதான் கொலை என்று விளக்கிய பிறகே அமைதி திரும்பியது.

அண்ணனை அவமதித்த வெட்கத்தில் அருச்சுனன் மறுபடியும் வாளை உருவுகிறான், இம்முறை தன்னையே மாய்த்துக்கொள்ள. அதற்கும் கிருஷ்ணனிடம் வழி இருந்தது. தற்புகழ்ச்சி தற்கொலைக்குச் சமம், உன்னை நீயே புகழ்ந்துகொள் என்றான். சிவபெருமானைத் தவிர எனக்கு நிகரான வில்லாளி இல்லை என்று அருச்சுனன் தொடங்கினான். பிறகு தருமர் மனமுடைந்து காட்டுக்குப் போகக் கிளம்பியதும், கிருஷ்ணன் அவரை வணங்கித் தேற்றியதும், கர்ணன் அன்றே வீழ்ந்ததும் விரைவாகச் சொல்லி முடிக்கப்பட்டன. ஆனால் தற்புகழ்ச்சி என்ற சொல் வந்தபோதே சபையின் பாதிக் கழுத்துகள் விழாக்குழுச் செயலாளர் பக்கம் திரும்பிவிட்டன. நன்றியுரை என்ற பெயரில் தம் சேவைகளை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்துரைப்பது அவர் வழக்கம். அன்றும் நான்காக மடித்த தாள்கள் சட்டைப் பையில் தயாராக இருந்தன. அவர் ஒலிபெருக்கியின் முன் வந்து, தாள்களை எடுத்து, சபையை ஒருமுறை பார்த்து, மீண்டும் பைக்குள் வைத்து, “அனைவருக்கும் நன்றி” என்று மட்டும் சொல்லி இறங்கினார். அன்று அவருக்குக் கிடைத்த கைதட்டல் உபந்நியாசகருக்குக்கூடக் கிடைக்கவில்லை.