பரிசுப் பணத்தில் வரி பிடித்த பின்னும் வந்த நோட்டீஸ்: என் அனுபவம்

2024 தீபாவளியை ஒட்டி ஒரு துணிக்கடை நடத்திய குலுக்கலில் என் கூப்பனுக்கு இரண்டு லட்சம் ரூபாய் ரொக்கப் பரிசு விழுந்தது. நவம்பர் 22ஆம் தேதி என் வங்கிக் கணக்கில் 1,40,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டது. மீதி 60,000 ரூபாயை வரியாகப் பிடித்துவிட்டதாகக் கடை மேலாளர் சொன்னார்; கடையின் முகப்புத்தாளில் ஒரு கடிதமும் கொடுத்தார். 'வரிப் பிடித்தம் போகப் பரிசுத் தொகை ரூ. 1,40,000' என்று அதில் இருந்த ஒரு வரிதான் அடுத்த ஒரு வருடத்தில் நான் செய்த தவறுகளுக்கெல்லாம் மூலம்.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்கு 2003 முதல் தடை இருப்பதால், வருமான வரிச் சட்டத்தில் லாட்டரி பற்றி எது எழுதியிருந்தாலும் அது எனக்குப் பொருந்தாது என்று நான் நினைத்திருந்தேன். சட்டம் பார்ப்பது சீட்டை அல்ல. குலுக்கலில் விழும் பரிசு, அதிர்ஷ்டத்தால் கிடைக்கும் பரிசு ஆகியவற்றையும் லாட்டரி என்ற சொல்லுக்குள்ளேயே அது சேர்த்து வைத்திருக்கிறது. கடை 194B பிரிவின் கீழ் முப்பது சதவீதம் பிடித்ததற்கு அதுதான் காரணம். துணி எடுத்தவனுக்குக் கொடுத்த கூப்பன் என்பதால் அதன் தன்மை மாறிவிடவில்லை.

2025 ஆகஸ்டில் 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான கணக்கை நானே தாக்கல் செய்தேன். என் சம்பளம் ஒன்பது லட்சம். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 8,25,000. அதற்கான வரி 33,800 ரூபாயை அலுவலகம் மாதாமாதம் பிடித்துக் கட்டியிருந்தது. வழக்கம்போல ITR-1 படிவத்தைத் திறந்து, 'பிற வருமானம்' என்ற இடத்தில் வங்கியில் வந்த 1,40,000 ரூபாயைப் போட்டேன். வரிப் பிடித்தப் பட்டியலில் சம்பளத்தின் 33,800, கடையின் 60,000 இரண்டும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. மொத்த வருமானம் 9,65,000 என்று கொண்டு, அடுக்கு விகிதப்படி செஸ்ஸோடு 48,360 ரூபாய்தான் வரி என்று தளம் கணக்கிட்டது. கட்டியிருப்பதோ 93,800. ஆகவே 45,440 ரூபாய் ரீஃபண்ட் வரும் என்று பச்சை எழுத்தில் காட்டியது. இவ்வளவு வருகிறதே என்று ஒரு நொடி யோசித்திருக்க வேண்டும். நானோ, அரசாங்கம் கூடுதலாகப் பிடித்துவிட்டது, சரியான நேரத்தில் கேட்டு வாங்குகிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அக்டோபரில் ரீஃபண்டுக்குப் பதிலாக மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் அடித்து, அதோடு பிறந்த தேதியை எட்டு இலக்கமாகச் சேர்த்தால் அது திறக்கும். 139(9) பிரிவின் கீழ், நான் தாக்கல் செய்த கணக்கு குறைபாடுள்ளது என்று அதில் இருந்தது. வரிப் பிடித்தத்துக்கு நான் கழிவு கோரியிருக்கும் வரவுகளின் கூட்டுத்தொகை, என் பேரில் பிடித்த வரிகளைத் துறை பட்டியலிடும் Form 26AS-இல் உள்ளதைவிடக் குறைவாக என் கணக்கில் காட்டப்பட்டிருப்பதே குறை என்றும், பதினைந்து நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் தாக்கலே செல்லாததாகக் கருதப்படும் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தது. இது அபராத நோட்டீஸ் அல்ல; ஆனால் கவனிக்காமல் விட்டால், கணக்கே தாக்கல் செய்யாதவன் நிலைக்குப் போய்விடுவோம். அதற்கு மேல் தாமதக் கட்டணமும் மற்றதும் தனி.

எங்கள் தெருவில் இருக்கும் ஆடிட்டரிடம் கடையின் கடிதத்தையும் நோட்டீஸையும் கொண்டுபோனேன். கடிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை மடித்து என்னிடமே கொடுத்தார். "சார், இது உங்க கைக்கு வந்தது. உங்களுக்குக் கிடைச்சது ரெண்டு லட்சம். பிடிச்ச வரியும் உங்க பணம்தானே? அதை உங்க பேர்லதானே கட்டியிருக்காங்க?" என்றார். பிறகு, "16A எங்கே?" என்று கேட்டார்.

அப்படி ஒன்று வந்ததே எனக்கு நினைவில்லை. தேடியபோது, பிப்ரவரியில் கடையின் கணக்குப் பிரிவிலிருந்து வந்து நான் திறக்காமலேயே விட்டிருந்த மின்னஞ்சலில் அது இருந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்குப் பிடித்தம் செய்தவர் ஜனவரி 31க்குள் அறிக்கை கொடுத்து, அதன்பின் பதினைந்து நாட்களுக்குள் இந்தச் சான்றிதழைத் தர வேண்டும். கடை அதை ஒழுங்காகவே செய்திருந்தது. முகப்புத்தாள் கடிதம் இதற்கு ஈடாகாது. உண்மையான படிவம் 16A என்பது துறையின் TRACES தளத்திலிருந்து பதிவிறக்கப்படுவது. அதற்கென்று ஒரு சான்றிதழ் எண் உண்டு. வரி பிடிப்பவர் என்ற முறையில் கடைக்கு உள்ள டான் எண், என் பான் எண், பிரிவு 194B, பணம் வரவு வைத்த தேதி, வரி அரசுக்குச் செலுத்தப்பட்ட தேதி எல்லாம் அதில் இருந்தன. 'செலுத்திய அல்லது வரவு வைத்த தொகை' என்ற கட்டத்தில் 2,00,000 என்றும், பிடித்த வரி 60,000 என்றும் இருந்தது. 1,40,000 என்ற எண் சான்றிதழில் எந்த மூலையிலும் இல்லை.

ஆடிட்டர் சொன்ன ஒரு சோதனை இப்போது எனக்குப் பழகிவிட்டது. பிடித்த வரியை, நாம் வருமானமாகக் காட்டப் போகும் தொகையால் வகுத்துப் பார்க்க வேண்டும். 60,000-ஐ 2,00,000 ஆல் வகுத்தால் சரியாக முப்பது சதவீதம். 1,40,000 ஆல் வகுத்தால் 42.86 சதவீதம். இந்தப் பிரிவில் அப்படி ஒரு விகிதமே கிடையாது. அந்த இடத்திலேயே தவறான எண்ணைக் கையில் வைத்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அடுத்து Form 26AS-ஐத் திறந்து சான்றிதழோடு ஒப்பிட்டோம். மின்தாக்கல் தளத்தில் e-File பட்டியலில் Income Tax Returns, அதனுள் View Form 26AS என்று போனால் அது TRACES தளத்துக்கு அழைத்துச் செல்கிறது. கடையின் டான் எண்ணுக்கு எதிரே அதே தேதி, அதே பிரிவு, அதே இரண்டு தொகைகள். நிலை என்ற பத்தியில் F என்ற எழுத்து. இந்த எழுத்தைப் பார்க்காமல் விடக்கூடாது. F என்றால் கட்டிய பணமும் கொடுத்த அறிக்கையும் பொருந்திவிட்டன என்று பொருள். U என்று இருந்தால் இன்னும் பொருந்தவில்லை, நாம் கோரும் கழிவு நிற்காமல் போகலாம். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பிரிவு வேறாகப் பதிவாகியிருந்தாலும் நம் பக்கத்தில் திருத்த வழியில்லை. பிடித்தம் செய்தவர்தான் திருத்த அறிக்கை கொடுக்க வேண்டும். கூப்பனில் பான் எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில், அந்தப் பத்து எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டேன்.

என் இரண்டாவது தவறு படிவம். குலுக்கல் பரிசு வந்த ஆண்டில் ITR-1 போட முடியாது. சம்பளமும் இந்த வகை வருமானமும் இருப்பவருக்கு ITR-2. காரணம், 115BB பிரிவின்படி இந்த வருமானத்துக்கு அடுக்கு விகிதம் இல்லை. நேராக முப்பது சதவீதம், அதன்மேல் நான்கு சதவீதம் செஸ். அதிலிருந்து செலவு எதையும் கழிக்கவும் முடியாது. கூப்பனுக்காக எடுத்த துணியின் ரசீதைக் கையோடு கொண்டுபோயிருந்த நான், அதை வெளியே எடுக்காமலேயே திரும்பினேன். வேறு வருமானமே இல்லாத ஒருவருக்கு இந்தப் பரிசு விழுந்திருந்தாலும் அடிப்படை விலக்கு வரம்பைக் காட்டி அவர் இந்த வரியிலிருந்து தப்ப முடியாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கடை பிடித்தது வெறும் முப்பது சதவீதம். உள்நாட்டில் வசிப்பவருக்குப் பிடித்தம் செய்யும்போது செஸ் சேர்ப்பதில்லை. ஆனால் நான் கட்ட வேண்டிய வரியில் செஸ் உண்டு. ஆகவே இரண்டு லட்சத்துக்கு 60,000 வரியும் 2,400 செஸ்ஸும் சேர்ந்து 62,400. சம்பளத்தின் 33,800-ஐயும் கூட்டினால் 96,200. கட்டியிருப்பது 93,800. நான் 45,440 வாங்கப் போவதாக நினைத்திருந்தேன். உண்மையில் 2,400 கொடுக்க வேண்டியவனாக இருந்தேன். முழு வரியும் பிடித்தாகிவிட்டது, இனி நமக்கு வேலையில்லை என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது, இந்த 1.2 சதவீதம் எப்போதும் மிச்சம் நிற்கும். பாக்கி பத்தாயிரத்துக்குக் கீழே இருந்ததால் முன்கூட்டி வரி கட்டாததற்கான வட்டி வரவில்லை.

தளத்தில் e-Pay Tax வழியே, சுய மதிப்பீட்டு வரி என்ற தலைப்பில், மதிப்பீட்டு ஆண்டை இரண்டு முறை சரிபார்த்து 2,400 ரூபாயைக் கட்டி, சலான் விவரங்களைக் குறித்துக்கொண்டேன். பிறகு ITR-2 தயாரித்தோம். Schedule OS பகுதியில் வட்டி, டிவிடெண்ட் போடும் இடத்தைத் தாண்டி, 115BB-க்கு என்றே தனிக் கட்டம் இருக்கிறது, அதில் 2,00,000. அதே பகுதியின் கடைசியில் வருமானம் எந்தத் தேதிகளுக்குள் வந்தது என்று ஒரு சிறிய அட்டவணை கேட்கிறது. நவம்பர் 22 என்பதால், செப்டம்பர் 16 முதல் டிசம்பர் 15 வரையிலான கட்டத்தில் அதே தொகை. இதை நிரப்பியதும் Schedule SI-இல் முப்பது சதவீத வரி தானாகவே ஏறிக்கொண்டது. சம்பளம் அல்லாத வரிப் பிடித்தப் பட்டியலில் 60,000-க்கு எதிரே மொத்தத் தொகை 2,00,000 என்றும், வருமானத் தலைப்பு பிற வழிகள் என்றும் காட்டினோம். நோட்டீஸ் பிடித்துக் கேட்ட இடம் இதுதான்: கழிவு கோரும் பிடித்தமும் அதற்குரிய முழு வரவும் ஒரே கணக்கில் எதிரெதிரே நிற்க வேண்டும்.

இதைப் புதிய தாக்கலாகப் போடாமல், Pending Actions பட்டியலில் e-Proceedings வழியே நோட்டீஸைத் திறந்து, குறையை ஒப்புக்கொள்வதாகத் தேர்ந்தெடுத்து, அதற்கான பதிலாகவே திருத்திய கணக்கைச் சமர்ப்பித்தோம். ஆதாருக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டு உடனே சரிபார்ப்பையும் முடித்தேன். அதை முடிக்காமல் விட்டால் பதினைந்து நாட்களுக்குள் பதில் கொடுத்ததும் கணக்கில் வராது என்று ஆடிட்டர் எச்சரித்திருந்தார்.

டிசம்பரில் 143(1) பிரிவின் கீழ் அறிவிப்பு வந்தது. நான் காட்டிய தொகைகள் ஒரு பத்தியிலும், துறை கணக்கிட்டவை அடுத்த பத்தியிலும் இருந்தன. லாட்டரி வருமானம் 2,00,000, மொத்த வரி 96,200 என்று இரண்டு பத்திகளும் ஒத்துப்போக, கடைசி வரியில் கேட்புத் தொகையும் பூஜ்யம், ரீஃபண்டும் பூஜ்யம் என்று இருந்தது.